‘வாயாடி வக்கீல்’ தள்ளிப்போன கதை

டாக்டர் வாயை மூடச் சொன்னது ஏலக்காரரைத்தான். ஆனால் அன்றிலிருந்து மூச்சு முட்டியது அவர் மனைவிக்கு.

மீன் சந்தையில் விடியற்காலையில் ஒரு மரப்பெட்டிமேல் ஏறி நின்று அவர் விலை கூவினால், தெருக்கோடியில் தூங்குகிறவன் போர்வையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவான். அதே தொண்டையை வைத்துக்கொண்டு மாலை நேரங்களில் வட்டார நாடகக் குழுவில் கதாநாயகன். இந்த வருட நாடகம் ‘வாயாடி வக்கீல்’. வக்கீல் முதல் காட்சியில் வாயைத் திறந்தால் கடைசிக் காட்சியில்தான் மூடுவார். நாடகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது குரல் நாணில் வீக்கம். இரண்டு வாரத்துக்கு முழு மௌனம், கிசுகிசுப்பது அதைவிட மோசம், பிறகு மெல்ல மெல்லப் பேசிப் பார்க்கலாம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

மனைவிக்கு வீட்டு முன்னறையிலேயே தையல் கடை. குழுவுக்கு உடை தைப்பதும் அவள்தான், குழுவின் இன்ஸ்டா பக்கத்தைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். ஆகவே கூட்டம் தையல் கடையிலேயே நடந்தது. ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியரான குழுத் தலைவர், இஸ்திரி மேசையில் சாய்ந்துகொண்டார்.

“அடுத்த மாசம் பதினாலாம் தேதி, ஞாயித்துக்கிழமை மண்டபம் கிடைச்சிருச்சும்மா. ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’னு போட்டுடு. காலங்காலமா நாடகமெல்லாம் அந்தக் காரணத்தாலதானே தள்ளிப்போகுது!”

“அப்படிப் போட்டா, உள்ளுக்குள்ள அடிதடின்னு நினைப்பாங்க சார். டிக்கெட்ட வாங்கினவங்க பதறிப்போவாங்க. உண்மையச் சொல்லிட்டா என்ன?”

ஏலக்காரர் மடியில் இருந்த வெள்ளைப் பலகையில் வேகமாக எழுதித் தூக்கிக் காட்டினார்: ‘கூடாது. சைரன் காதுக்குப் போனா என் பெட்டி போச்சு.’

சைரன் என்பது சந்தையின் இன்னொரு ஏலக்காரர். வயதில் சின்னவர், குரலில் பெரியவர். தொண்டை போன ஏலக்காரனை யார் வைத்துக்கொள்வார்கள் என்ற பயத்தில், தங்கை வீடு கட்டுகிறாள், மேற்பார்வை பார்க்கப் போகிறேன் என்று சந்தையில் செய்தி அனுப்பிவிட்டு வீட்டுக்குள் ஒளிந்திருந்தார் மனிதர்.

“சரி, உங்க இஷ்டம்” என்றாள் அவள்.

மதியம் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கேரசல் தயாரானது. விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் நாலு படங்கள். முதலாவதில் பெரிய எழுத்தில் ‘தள்ளிவைக்கப்படுகிறது’, அதன் கீழேயே புதிய தேதி. இரண்டாவது, காரணம்: தலைவர் சொன்ன அதே ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’. மூன்றாவது, டிக்கெட்: பழைய டிக்கெட்டே செல்லும், அதே இருக்கை, வர இயலாதவர்கள் மாத இறுதிக்குள் செய்தி அனுப்பினால், பணம் கட்டிய வழியிலேயே முழுத் தொகையும் திரும்பும். நாலாவது, நன்றியும் தொடர்பு எண்ணும். முதல் படத்தோடு கடந்துபோகிறவர்களுக்கு, அடுத்த முறை இரண்டாவது படத்தையே முன்னால் நீட்டுகிற வழக்கம் அந்தச் செயலிக்கு உண்டு. அதனால் நாலு படத்தின் அடியிலும் புதிய தேதியை மறக்காமல் போட்டாள்.

தப்பு வேறு இடத்தில் நடந்தது. மனசு கேட்காமல், உண்மையைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக, காரணப் படத்தில் இன்னொன்றும் செய்திருந்தாள். ‘எங்கள் வக்கீலுக்குத் தொண்டையில் வீக்கம். டாக்டர் பேசக்கூடாது என்கிறார். வேறொருவரை வைத்து நடத்த எங்களுக்கு மனம் வரவில்லை.’ பக்கத்தில், கழுத்தில் மஃப்ளர் சுற்றிய ஒரு வக்கீல் பொம்மை. இரண்டுக்கும் ஒரே மஞ்சள் பின்னணி. கேலரியில் கட்டைவிரல் அளவில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல இருந்தன. பதிவைப் போட்டுவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்து, ஒரு சட்டைக்குப் பித்தான் தைக்க உட்கார்ந்தாள்.

பித்தானை முடிந்து நூலைக் கடித்து நிமிர்ந்தபோது, போன் மேசையில் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கே வந்திருந்தது. எடுத்துப் பார்த்தாள். சந்தையில் ஐஸ் விற்கும் அக்கா எழுதியிருந்தார்: ‘ஏலக்காரரே, தங்கச்சி வீட்ட தொண்டைக்குள்ளயா கட்டுறீரு?’

பதிவைத் திறந்தாள். இரண்டாவது படமாகப் போயிருந்தது மஃப்ளர் வக்கீல். ஒரு படத்தை மட்டும் நீக்க வழி இருந்தது. அதன் இடத்தில் வேறொன்றைச் செருகத்தான் வழி இல்லை. காரணமே இல்லாத கேரசல் போனால் போகிறது. அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தாள். ‘நீக்கவா?’ என்று கேட்டது போன். தோளுக்குப் பின்னால் மூச்சுக் காற்று பட்டது. கணவர்.

பலகையில் எழுத்து பறந்தது. ‘என் பிழைப்புல மண்ண போட்டியே!’ பலகை நிறைந்துவிட்டது. அதைத் துடைத்தார். ‘கேட்டேனா நான்?’ மறுபடி துடைத்தார். அடுத்து என்ன திட்ட வந்தார் என்பது துடைக்கிற நேரத்தில் மறந்துபோய், வெறும் ஆச்சரியக்குறி ஒன்றைப் போட்டார்.

“தெரியாம நடந்துபோச்சுங்க. ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு. இதோ எடுத்துடறேன்.”

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. திரையில் ‘சைரன்’. ஏலக்காரர் முகம் வெளுத்தது. அவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

“அண்ணி, அண்ணன் பக்கத்துல இருக்காரா? இருந்தா வாயத் திறக்க வேணாம்னு சொல்லுங்க. நானே பேசிக்கறேன்.” சின்னக் குரலில் பேசினாலே கடை அதிர்ந்தது. “ஏண்ணே, தொண்டைன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? வீடு கட்டுறேன்னு சொன்னதும், சரி, மனுஷன் சந்தைய விட்டே போகப்போறாருன்னு பயந்துட்டேன். உங்க பக்கத்து மீனையும் சேர்த்து நாந்தான் கூவுறேன். வாங்க வர்றவன் எல்லாம் அவரு எப்ப வருவாருன்னு என் உயிர வாங்குறான். இதுல எனக்கும் தொண்ட கட்டிக்கிச்சுன்னா சந்தையில கைதட்டித்தான் ஏலம் விடணும்!”

அவள் கணவரைப் பார்த்தாள். பலகை அவர் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணே, உங்க பெட்டிமேல நான் ஏறல. பக்கத்துல தரையில நின்னுதான் கத்துறேன். வந்து ஏறிக்குங்க. நல்லா ஆனப்புறம், அவசரம் இல்ல. அப்புறம் அண்ணி, எங்கிட்ட நாலு டிக்கெட் இருக்கே, அது செல்லுமா?”

“செல்லும் தம்பி. மூணாவது படத்துல போட்டிருக்கேனே.”

“நான் ரெண்டாவதோடயே நின்னுட்டேன் அண்ணி” என்றார் சைரன்.

ஏலக்காரர் வாயைத் திறந்தார். நன்றி என்ற சொல்லின் முதல் எழுத்து உதட்டுக்கு வருவதற்குள் அவள் கையால் பொத்திவிட்டாள். உள்ளங்கையில் ஈரம் பட்டது. அது எதன் ஈரம் என்று அவள் பார்க்கவில்லை.

“அவரு நன்றி சொல்றாரு தம்பி” என்றாள்.

“கேட்டுச்சு அண்ணி. ஊருக்கே கேட்டிருக்கும்.”

போனை வைத்ததும் பார்த்தால், ‘நீக்கவா?’ என்ற கேள்வி இன்னும் திரையில் காத்துக்கொண்டிருந்தது. அவள் கணவரிடம் நீட்டினாள். அவர் நிதானமாக ‘வேண்டாம்’ என்பதைத் தொட்டார்.

சாயங்காலத்துக்குள் செய்திகள் குவிந்தன. மண்டபத்தின் பக்கத்துத் தெரு நர்ஸ் ஒருத்திக்குப் பதினாலாம் தேதி வேலையாம். பணம் வேண்டாம், என் இரண்டு இருக்கையையும் யாருக்காவது கொடுங்கள் என்றாள். ஏலக்காரர் மனைவி தையல் மேசையிலிருந்தே, சொன்ன சொல் சொன்னதுதான் என்று முழுத் தொகையையும் அனுப்பிவைத்தாள். நர்ஸ் அதிலேயே வேறு இரண்டு பேருக்கு டிக்கெட் வாங்கிவிட்டாள். பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. மற்றவர்கள் தேனும் இஞ்சியும் உப்புத் தண்ணீரும் சொன்னார்கள்.

தலைவர் போன் செய்தார். “ஏம்மா, நான் என்ன சொன்னேன், நீ என்ன போட்டிருக்க?”

“கை தவறிடுச்சு சார்.”

“நல்லாத்தான் தவறியிருக்கு. அந்த மஃப்ளர் மட்டும் கோணலா வரைஞ்சிருக்க.”

மறுநாள் காலை ஐஸ் அக்கா ஒரு படம் அனுப்பினார். விடியற்காலைச் சந்தை, கூடை கூடையாய் மீன், தரையில் நின்று கழுத்து நரம்பு புடைக்கக் கூவும் சைரன். அவர் பக்கத்தில் காலியாக ஒரு மரப்பெட்டி. யாரோ அதைக் கழுவி வைத்திருந்தார்கள்.

ஏலக்காரர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு குழுவின் கேரசலுக்குப் போய், தன் பெயரிலேயே நீளமாக ஏதோ எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் பதிவானது இவ்வளவுதான்: ‘எல்லாருக்கும் நன்றி. பதினாலாம் தேதி வந்து கத்துறேன்.’

அடுத்த நொடி தலைவரின் பதில் வந்து விழுந்தது: ‘மேடையில் கத்தக்கூடாது என்று எத்தனை தடவை சொல்வது!’