நில் என்றால் நிற்காதவர்கள்

அசோகனுக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை பேசும். முப்பத்தொரு வருஷம் ஹார்பரில் சிக்னல் கொடுத்த கை அது. கப்பலின் அடிவயிற்றில் என்ன நடக்கிறதென்று மேலே உட்கார்ந்திருக்கும் கிரேன்காரனுக்குத் தெரியாது. அசோகனின் கைதான் அவனுக்குக் கண். விரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து ஆட்டினால், எவனாக இருந்தாலும் அப்படியே நில். அந்தக் கைக்கு நிற்காத ஆளை அவர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷனின் கண்ணைத்தான் சர்க்கரை தின்றது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் மிச்சம். வலது கண்ணில் நடுவே ஒரு புகை, ஓரத்தில் கொஞ்சம் நிழல். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி, தடவித் தடவி நடக்கிற நீளமான தாழ்வாரம், பெண்டாட்டி ரமாபாய், மகன் நிலவன். அவ்வளவுதான் இப்போது அவர் உலகம்.

எட்டு மாசத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், சும்மா உட்கார்ந்திருந்தபோது எதிர்ச்சுவரில் ஒரு கல்யாண ஊர்வலம் வந்தது. ஜாண் உயர ஆட்கள். சிவப்புத் தலைப்பாகை, நீலக் குடை. ரமாபாயின் முகமே தெரியாதவருக்கு அந்தக் குட்டி ஆளின் கோட்டுப் பொத்தான் தெரிந்தது, பொத்தானில் நூல் தெரிந்தது. மேளம் அடித்தார்கள், சத்தம் இல்லை. வாயைத் திறந்து சிரித்தார்கள், அதற்கும் சத்தம் இல்லை. கொஞ்ச நேரத்தில் போய்விட்டார்கள்.

ஜாண் உயரத்தில் மனுஷன் எந்த ஊரிலும் கிடையாது என்பது அசோகனுக்குத் தெரியும். பிரச்சினை அதுவல்ல. சில நாள் முழு உயரத்தில் ஒருத்தர் வாசலில் வந்து நிற்பார். நிஜமா, இல்லையா? அதற்குத்தான் அவர் தன் தொழிலிலிருந்தே ஒரு சோதனை கண்டுபிடித்தார். இரண்டு கையையும் விரித்து ஆட்டுவது. ரமாபாயோ நிலவனோ என்றால் சட்டென்று நிற்பார்கள், அவர்களுக்கு அந்தக் கை பழக்கம். அதுகள் நிற்காது. நின்றால் ஆள், நிற்காவிட்டால் பொய். இதைவிடத் தெளிவான புத்தி எந்தப் பைத்தியக்காரனுக்கு இருக்கும் சொல்லுங்கள்!

ஆனால் பார்ப்பவனுக்கு எப்படி இருக்கும்? காலித் தாழ்வாரத்தில் ஒரு கிழவர் நின்று காற்றைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு சொக்கம்மாள் அதை இரண்டு மாடிக்குச் சொன்னாள்.

"ரமா, உன் வூட்டுக்காரருக்கு காத்து கருப்பு இன்னாவோ புட்ச்சிகினு கீது. ஒரு தபா மந்திரிச்சிகினு வா."

"காத்தும் கிடையாது கருப்பும் கிடையாது. எங்க வூட்ல புத்தர் படம் மாட்டிகீது, கண்ணு தெர்தா?" என்றாள் ரமாபாய்.

பெருமைதான். பௌத்தத்துக்கு வந்த அந்த வீட்டில் மூன்று தலைமுறையாகப் பேய்க்கு இடம் கிடையாது. அந்தப் பெருமையே அசோகனுக்கு வினையாக முடிந்தது. பேயை நம்பாத வீட்டில் இல்லாததைப் பார்க்கிறவனுக்கு ஒரே ஒரு பெயர்தான் மிச்சம் இருந்தது.

அதுவும் வெளியே வராமல் இருந்திருக்கும், வீட்டுக்கு வீடு கேஸ் சிலிண்டர் போடுகிற அய்யாத்துரை மட்டும் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால். வெயிலில் இருந்து தாழ்வார இருட்டுக்குள் வந்த அசோகன், எதிரே தோளில் எதையோ சுமந்து வரும் உருவத்தைப் பார்த்தார். கையை விரித்து ஆட்டினார். உருவம் நிற்கவில்லை, வந்துகொண்டே இருந்தது. பொய் என்று முடிவு கட்டி நேராக அதன்மேல் நடந்தார். ஹார்பர் சிக்னல் கேஸ்காரனுக்கு எப்படித் தெரியும்? சிலிண்டர் படிக்கட்டில் உருண்டது, அய்யாத்துரையின் கால் கட்டைவிரல் நசுங்கியது. அந்தப் பிளாக் மொத்தமும் கூடிவிட்டது.

"எங்கப்பாவுக்கு மூளை சரியில்லண்ணா, மன்ச்சிக்கங்க," என்று நிலவன் அத்தனை பேர் நடுவில் கைகூப்பிச் சொன்னான். மகன் வாயால். அசோகன் வாழ்நாளில் வாங்கிய அடிகளில் அதுதான் கனமானது.

மறுநாளே ஒரு மனநல டாக்டர். அவர் கேட்டது மூன்று கேள்வி, அதுவும் நிலவனிடம். கண் எப்படி என்று கேட்கவே இல்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருத்தன் தடவித் தடவி உள்ளே வந்தால், அவன் கண்ணைப் பற்றி ஒரு கேள்வி கேட்க எத்தனை வருஷம் படிக்க வேண்டும்? மாத்திரை எழுதினார். ஒரே மாசத்தில் அசோகனின் கை நடுங்கியது, நாக்கு தடித்தது, நாளெல்லாம் நாற்காலியில் எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்தார். ஊர்வலம் மட்டும் குறையவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறவருக்கு இன்னும் அதிகமாகவே வந்தது, இப்போது குதிரைகளோடு.

நிலவன் மாத்தூரில் ஒரு காப்பகத்தைப் பார்த்துவிட்டான். திங்கட்கிழமை சேர்ப்பது. அவர்கள் பார்வைக் குறைபாட்டுக்கு ஒரு சான்று கேட்டார்கள். அதற்காகத்தான், அதற்காக மட்டும்தான், சனிக்கிழமை காலை அப்பாவை ராயபுரம் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான்.

பார்வை குறைந்தவர்களுக்கான பிரிவில் நவ்ரீன் என்ற சின்ன வயசு டாக்டர். எழுத்துப் பலகையைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார், விளக்கடித்துப் பார்த்தார், சான்றில் எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, சாப்பிட்டீங்களா என்று கேட்கிற குரலில் கேட்டார்.

"ஐயா, பார்வை இவ்ளோ கொறஞ்சவங்களுக்கு சில நேரம் இல்லாத ஆளுங்க, உருவம், டிசைன் எல்லாம் தெரியும். உங்களுக்கு அப்படி உண்டா?"

அசோகன் குரல் வந்த பக்கம் திரும்பினார். நிலவன்தான் முந்திக்கொண்டான்.

"அதான் டாக்டர் பேஜாரே. மனநல மாத்திரை போட்டுகினு கீறாரு."

"நான் உங்களைக் கேக்கல. ஐயா சொல்லட்டும்."

எட்டு மாசத்தில் முதல் தடவையாக ஒருத்தர் அவரிடம் கேட்டார். தடித்த நாக்கோடு எல்லாவற்றையும் சொன்னார். குடை, குதிரை, பொத்தானின் நூல். நவ்ரீன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அவங்க பேசுவாங்களா? உங்களை எதுனா செய்யச் சொல்வாங்களா?"

"இன்னாத்த பேசறது? ஊமைங்கோ. மேளம்கூட ஊமை."

"வாசனை வருமா? தொட்டா தெரியுமா?"

"ஒண்ணும் கெடையாது."

"நிஜம்னு நம்புறீங்களா?"

"நம்பினா இன்னாத்துக்கும்மா சிக்னல் கொடுத்து செக் பண்றேன்?" என்று சீறினார் அசோகன். தன் சோதனையைக் கையை விரித்துக் காட்டினார். கை நடுங்கியது.

நவ்ரீன் தேதி கேட்டார், மூன்று வார்த்தை சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார், நடக்கச் சொன்னார். என்னென்ன மாத்திரை, நடுக்கம் எப்போதிலிருந்து என்று கேட்டார். மாத்திரைக்கு அப்புறம்தான் என்றான் நிலவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"உங்க அப்பா பைத்தியம் இல்ல," என்றார் நவ்ரீன். "கண்ணுலேருந்து படம் போனாத்தான் மூளைக்கு வேலை. இவர் கண்ணுலேருந்து பெருசா எதுவும் போகல. பார்க்கறதுக்குன்னு மூளையில இருக்கற இடம் சும்மா இருக்காது, அதுவாவே படம் போட்டுக்குது. இது பார்வை போனதோட சேர்ந்தது, புத்தி போனது இல்ல. இந்த மாதிரி கண்ணு போனவங்கள்ல பத்துல ஒருத்தருக்காவது வரும். வெளிய சொல்ல மாட்டாங்க. சொன்னா என்ன பேரு கிடைக்கும்னு அவங்களுக்குத் தெரியும்."

"அப்போ இல்லாதத பாத்தா எப்பவும் இதுதான் காரணமா டாக்டர்?" என்றான் நிலவன்.

"இல்ல. குரல் கேட்டா, பாக்கறத நிஜம்னு நம்பினா, ஞாபகம் தப்பினா, வேற காரணம் தேடணும். இவருக்கும் நரம்பு டாக்டர் ஒரு தடவை பாக்கட்டும், எழுதித் தர்றேன். மாத்திரையை நீங்களா டக்குனு நிறுத்தாதீங்க. கொடுத்த டாக்டருக்கும் லெட்டர் தர்றேன், பார்த்துக் குறைக்கட்டும். ஐயா, உருவம் வந்தா கண்ணை எடமும் வலமும் நல்லா ஓட்டுங்க. லைட்டைப் போடுங்க. எழுந்து நடங்க. கையை நீட்டித் தொட்டுப் பாருங்க. நெறைய பேருக்கு நாளாக நாளாகக் கொறஞ்சிடும்."

"ஏம்மா," என்றார் அசோகன். "கண்ணு போவுதுன்னு மொதல்லயே ஒரு டாக்டர் சொன்னான். இந்த மாதிரி வரும், பயப்படாதேன்னு அப்பவே ஒரு வார்த்தை சொன்னா அவன் வாயி இன்னா தேஞ்சா பூடும்?"

"சொல்லியிருக்கணும்," என்றார் நவ்ரீன்.

ஆட்டோவில் அப்பாவும் பிள்ளையும் திரும்பினார்கள். காசிமேட்டு மீன்வாடை வந்தது, போனது. மூலக்கொத்தளம் தாண்டியதும் நிலவன் மெல்ல ஆரம்பித்தான்.

"நைனா, எதுக்கும் மாத்தூர்ல கொஞ்ச நாளு இரு. இங்க ஜனங்க வாய மூட முடியாது."

அப்போதுதான் அசோகனுக்குப் புரிந்தது. மகனுக்கு அப்பா பைத்தியமா இல்லையா என்பது பிரச்சினையே இல்லை. தாழ்வாரத்தில் தலைநிமிர்ந்து நடக்க முடியவில்லை, அதுதான் அவன் வியாதி. கோபத்தில் கை எழுந்தது. வீடு வரும்வரை அதை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது மாடி. சனிக்கிழமை மத்தியானம், எல்லாக் கதவும் திறந்திருந்தது. ரமாபாய் மாத்தூருக்கென்று துணிமணி கட்டிய பையை வாசலிலேயே வைத்திருந்தாள். அழுது ஓய்ந்த குரலில் "இன்னா சொன்னாங்கோ?" என்றாள். சொக்கம்மாளின் கொலுசு பக்கத்துக் கதவோரம் வந்து நின்றது. நிலவன் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு, அப்பாவைத் தாண்டி உள்ளே நழுவப் பார்த்தான்.

அசோகன் குறுக்கே நின்றார். இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தார். நடுக்கத்தோடேயே ஆட்டினார்.

நிலவன் நின்றான்.

"அன்னிக்கு இங்கதான சொன்ன, ஊரைக் கூட்டி? இப்பவும் இங்கயே சொல்லு. அதே சத்தத்துல."

"நைனா, உள்ள போய்..."

"சொல்றா!"

தாழ்வாரம் முழுக்கக் காதாக இருந்தது. நிலவனின் மூச்சு ஏறி இறங்குவது அசோகனுக்குக் கேட்டது.

"எங்கப்பாவுக்கு மூளை நல்லாதான் கீது," என்றான் நிலவன். குரல் உடைந்தது. இன்னொரு தடவை, உரக்கச் சொன்னான். "கண்ணு போனதால வர்றது. பைத்தியம் இல்ல. நான் சொன்னது தப்பு."

ரமாபாய் குனிந்து பையை எடுத்தாள். அதை உள்ளே கொண்டுபோய் மரப்பெட்டிமேல் போட்ட சத்தம் வெளியே வரைக்கும் கேட்டது.

அசோகன் கையை இறக்கவில்லை. நிலவனின் தோளுக்குப் பின்னால், தாழ்வாரச் சுவரோரமாக, நீலக் குடைகள் வந்துகொண்டிருந்தன. விரித்த கையை அதுகள் சட்டை செய்யவில்லை, எப்போதும்போல நடந்து போய்க்கொண்டே இருந்தன. நிற்கத் தெரிந்தது அவர் பிள்ளைக்கு மட்டும்தான். அவனைத்தான் அவரால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.