எந்தச் செட்டியார்?

தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விருந்தில் இரண்டாவது முறை பாயசம் வாங்கிய கையோடு சோமசுந்தரம் செட்டியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அதற்கு முந்தின நிமிடம் வரை, தன் தாத்தா இதே சைகோனில் பிரெஞ்சுக்காரனுக்கே வட்டிக்குக் கொடுத்த கதையை அளந்துகொண்டிருந்தார். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன கதை. மனைவி அன்னபூரணிக்குத் தெரியும், அவருடைய தாத்தா வேலூரில் மளிகைக் கடை வைத்திருந்தவர், கப்பலைப் படத்தில்கூடப் பார்க்காதவர்.

இந்த ஊருக்கு மிளகு ஏற்றுமதிக்கு வந்த மனுஷன், 'செட்டியார்' என்றதும் எல்லோரும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் என்றே எண்ணி மரியாதை கொடுப்பதைப் பார்த்தார். மறுக்கவில்லை. வீட்டில் தெலுங்கு பேசும் ஆரிய வைசியச் செட்டியார் என்று சொல்ல வாய் வரவில்லை. அண்ணன் தம்பிகளோடு பேசுவதையும் விட்டார், போனில் தெலுங்கு வந்துவிடுமே என்று. காரைக்குடிப் பக்கத்து ஆள் யாராவது "நீங்க எந்தக் கோயில்?" என்று, நாட்டுக்கோட்டையாரின் ஒன்பது குலக் கோயில்களை மனத்தில் வைத்து விசாரித்தால் மட்டும் அவருக்கு எங்கிருந்தோ இருமல் வந்துவிடும்.

சங்கச் செயலாளர் பெத்தாச்சி அசல் நகரத்தார், நிஜமான நாட்டுக்கோட்டைச் செட்டியார். அவர்தான் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்கு விரைந்தார். குடல் வால் வெடிக்கும் நிலை, உடனே அறுவை என்றார்கள். நர்ஸ் கணினிப் படிவத்தில் 'இனம்' என்ற இடத்தில் 'ஆசியர்' என்று தட்டிவிட்டுப் போனாள். வேலை முடிந்தது.

மயக்க மருத்துவர் ஹான் மட்டும் அதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"நானும் ஆசியர்தான்" என்றார் ஆங்கிலத்தில். "காசநோய் மாத்திரை ஒன்றை எங்கள் ஆட்களில் நிறையப் பேருடைய உடம்பு சீக்கிரம் மாற்றிவிடும். தென்னிந்தியாவில் பாதிப் பேருக்கு மேல் மெதுவாகத்தான் மாற்றும். இரண்டுக்கும் ஒரே சொல். இதை வைத்து நான் என்ன செய்ய?" பிறகு சோமசுந்தரத்தைப் பார்த்தார். "வேலூரில் ஒரு வருடம் வேலை பார்த்தேன். செட்டியார் என்றால் எந்தச் செட்டியார்?"

பெத்தாச்சி தமிழில் கேட்டார். "அண்ணே, டாக்டரம்மா எந்தச் செட்டியார்னு கேக்குறாங்க."

வலியில் துடித்துக்கொண்டிருந்த மனுஷன் கண்ணைத் திறந்தார். எதிரே பெத்தாச்சி. "நாட்டுக்கோட்டை" என்றார், இருமாமலே.

பெத்தாச்சி ஒரு கணம் தயங்கி, அப்படியே மொழிபெயர்த்தார். ஹான் தலையாட்டினார். "வயிறு நிறைய சாப்பாடு. குழாய் போட உடனே தசையைத் தளர்த்தும் ஊசி வேண்டும். சில நிமிடத்தில் தெளிந்துவிடும்."

"யாருக்குமே தெளியாமப் போகாதா?" என்று அன்னபூரணி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ரத்தத்தில் உள்ள ஒரு நொதி அதை உடைக்கும். சிலருக்குப் பிறவியிலேயே அது வேலை செய்யாது. மணிக்கணக்கில் சொந்தமாக மூச்சு விட முடியாது. உலகத்தில் அரிது. ஆரிய வைசியக் குடும்பங்களில் மட்டும் அவ்வளவு அரிதில்லை. அதனால்தான் கேட்டேன்."

அன்னபூரணிக்குச் சட்டென்று நினைவு வந்தது. கால் எலும்பு சேர்க்கும் அறுவைக்குப் போன கணவரின் அண்ணன், மயக்கம் தெளிந்தும் மூச்சு வராமல் அரை நாள் மூச்சுக் கருவியில் கிடந்தார். குடும்பமே அந்த டாக்டரைத் திட்டித் தீர்த்தது.

"பொய் சொல்றார் டாக்டர். நாங்க ஆரிய வைசியர்தான். இவர் அண்ணனுக்கு அப்படித்தான் ஆச்சு." அதையே தமிழிலும் கத்தினாள், கட்டிலில் இருப்பவருக்கும் விளங்கட்டும் என்று.

சோமசுந்தரம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வலி என்று நினைத்தார்கள்.

ஹான் அந்த ஊசியை ஒதுக்கிவிட்டு, உடம்பு வேறு வழியில் வெளியேற்றும் மருந்தை எடுத்தார். அதை முறிக்கவும் மருந்து கையில் இருந்தது. அறுவை நல்லபடியாக முடிந்தது. ரத்தப் பரிசோதனையில் அந்த நொதி ஏறக்குறைய இல்லை என்று வந்தது.

வாசலில் பெத்தாச்சி மெல்லச் சொன்னார். "எனக்கு முதல் நாளே தெரியும் ஆச்சி. ஒன்பது கோயில்ல ஒண்ணோட பேரு சொல்லத் தெரியலையே. சங்கடப்படுத்த வேணாம்னு விட்டுட்டேன்."

"இன்னைக்குமா?" என்றாள் அன்னபூரணி. "உங்க மரியாதைல அவர் மூச்சு நின்னிருக்கும்."

மறுநாள் ஹான் வந்து, இது குடும்பத்தில் வருவது, உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, எப்போதும் கையில் வைத்திருக்க ஓர் எச்சரிக்கை அட்டையும் கொடுத்தார். சென்னையில் மகளுக்கு அடுத்த வாரம் பிரசவ அறுவை.

"என் அட்டையில ஆசியர்னே எழுதச் சொல்லேன்" என்றார் சோமசுந்தரம் தீனமாக.

"சாதியே எழுதல. எந்த ஊசி ஆகாதுன்னுதான் எழுதியிருக்கு" என்றாள் மனைவி. "ஆனா உங்க தம்பிங்களுக்கு யார் சொல்றது? உங்க பொண்ணுக்கு?"

பழம் வாங்கிக்கொண்டு வந்த சங்கத்தார் நால்வர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள், பெத்தாச்சியும் சேர்த்து. சோமசுந்தரம் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். இருமல் வரவில்லை. போனை வாங்கித் தம்பியை அழைத்து, அத்தனை பேர் முன்னாலும் தெலுங்கில் பேச ஆரம்பித்தார்.