எந்தக் கோட்டால் அளந்தது?

அகீலாவை ஒரு புள்ளியால் தோற்கடித்ததில் சதி இருக்கிறது என்று நான் அன்றைக்கே சொன்னேன். கற்பிட்டியில் நடந்த பொது அறிவுப் போட்டி அது. வெல்கிற பிள்ளைதான் குருநாகலுக்கு, மாகாணப் போட்டிக்குப் போகும். சீனாவின் மிகப் பெரிய நகரம் எது என்று கேட்டார்கள். என் மகள் ஷங்காய் என்றாள். பிழையாம். மாம்புரிப் பாடசாலைப் பிள்ளை சொங்சிங் என்றது, புள்ளியைத் தூக்கிக் கொடுத்தார்கள்.

நான் விடுவேனா? முறைப்பாடு கொடுத்தேன். விளக்கம் சொல்ல அகீலாவின் புவியியல் ஆசிரியர் றவூப் சேரைக் கூப்பிட்டார்கள். அவரும் மாம்புரி ஆசிரியர் நிக்கொலஸும் வாசலில் சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணி குடித்ததை நான் மனதில் குறித்துவைத்துக்கொண்டேன்.

ஆனால் சேர் நன்றாகத்தான் தொடங்கினார்.

“பெரிய நகரம் எண்டு ஆரும் சொன்னா, எந்த எல்லைக்குள்ள எண்ணினது எண்டு முதல்ல கேக்கோணும். சொங்சிங்ல மூண்டு கோடிக்கு மேல சனம், உண்மைதான். ஆனா அந்த எல்லை எங்கட இலங்கையை விடப் பெரிசு. உள்ளுக்கு மலையும் வயலும் கிராமமும் கிடக்கு. கற்பிட்டிப் பிரிவு முழுக்க டவுன் எண்டா, ஆலங்குடாத் தென்னந்தோட்டமும் டவுன்தானே?”

நடுவர்கள் சிரித்தார்கள். நான் நிக்கொலஸின் முகத்தைப் பார்த்தேன்.

“கட்டடம் தொடர்ந்து நிக்கிற இடத்தை மட்டும் எடுங்கோ. ரெண்டு நகரத்துக்கும் ஒரே வருசக் கணக்கு, ஒரே மாதிரிக் கோடு. அப்ப ஷங்காய்தான் பெரிசு.”

தலைமை நடுவர் பேனையை எடுத்தார். அங்கே ஒரு புள்ளி குறைந்து இங்கே ஒன்று கூடினால் என் பிள்ளை முன்னால். மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டேன். சேர் உட்காரவில்லை.

“அதே கோட்டை அவுஸ்திரேலியாவுக்கும் போடோணும். அங்க பெரிய நகரம் எது எண்ட கேள்விக்கு மாம்புரிப் பிள்ளை மெல்பேண் எண்டது, பிழை போட்டீங்க. அகீலா சிட்னி எண்டாள், சரி போட்டீங்க. அகலமான கோட்டால பாத்தா சிட்னிதான். ஆனா கட்டடம் தொடர்ற பகுதிக்கு அந்த நாட்டுக்காரங்களே போட்ட கோட்டுல, மெல்டன் எண்ட பக்கத்து ஊர் இப்ப மெல்பேணோட சேந்திட்டுது. அதால மெல்பேண் முந்திட்டுது. சிட்னிக்கு அகலக் கோடு, ஷங்காய்க்கு ஒடுக்கக் கோடு எண்டு கேக்க எனக்கு வாய் வராது.”

ஷங்காயில் வந்தது சிட்னியில் போனது. மறுபடியும் ஒரு புள்ளியால் தோல்வி. நிக்கொலஸ் எழுந்து வந்து சேரின் கையைக் குலுக்கினார்.

வெளியே வந்ததும் நான் வெடித்தேன். “தேத்தண்ணியோட எல்லாம் பேசி முடிச்சாச்சு! என்ன குடுத்தானோ அவன்! சிட்னியைக் கிளறச் சொல்லி ஆர் கேட்ட?”

அகீலா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“சேருக்குச் சிட்னிட கதையே தெரியாது உம்மா. அவர் அண்டைக்குப் போட்டிக்கு வரல்லயே. நான்தான் தேடிப் பாத்துச் சொன்ன. அதையும் சொன்னாத்தான் என்ட ஷங்காயைப் பத்திப் பேசலாம் எண்டு சொன்னதும் நான்தான். அவரை ஏசாதீங்கோ.”