மாமாவின் மூக்கு முடி

மூக்கு முடிக்கெல்லாம் ஒரு மனுஷியைக் கூண்டில் ஏற்றுவார்களா? ஏற்றினார்கள். கைபேசியில் குடும்பக் குழு என்று ஒன்று இருக்கிறதே, அதில் பெரியப்பா, சித்தப்பா, அவர்கள் பிள்ளைகள், பேசியே பழக்கமில்லாத உறவுகள் என்று ஊர்ப்பட்ட ஜனம். அத்தனை பேர் முன்னாலும் நாத்தனார் ஒரு படத்தைப் போட்டாள். மாமனாரின் முகம். மூக்குக்குக் கீழே சிவப்பில் ஒரு வட்டம் வேறு.

“அப்பா மூக்கப் பாருங்க. முடி வெளிய வந்து மீசையோட சேந்துடுச்சு. வீட்ல பார்த்துக்க ஆள் இருக்கா இல்லையான்னே தெரியல. பேசாம நல்ல முதியோர் இல்லமா பார்த்துச் சேத்துடலாம்.”

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கவாதம் வந்து மாமாவுக்கு ஒரு கை விழுந்து, பேச்சும் குழறிப்போன நாளிலிருந்து அவருக்கு எல்லாம் செய்வது அவள்தான். துணிக்கடையில் பில் போடும் வேலை அவளுக்கு. அதற்குப் போய்வந்தும் செய்தாள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு காலை, ஜன்னல் வெளிச்சத்தில் அவரை உட்கார வைப்பாள். மூக்கைச் சிந்தித் துடைக்கச் சொல்வாள். முனை மழுங்கிய சின்னக் கத்திரியைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பாள். மூக்கு நுனியைக் கட்டைவிரலால் லேசாகத் தூக்கி, வெளியே எட்டிப் பார்க்கிற முடியை மட்டும் நறுக்குவாள். உள்ளே கத்திரியை விடவே மாட்டாள். காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு, மடலிலும் காதுத் துளையின் வாயிலும் நீட்டிக்கொண்டிருப்பதை பேட்டரி டிரிம்மரால் எடுப்பாள். துளைக்குள்ளே எதையும் நுழைக்க மாட்டாள். அதோடு சரி.

அந்த மாதம் அவளுக்குக் காய்ச்சல். ஒரு ஞாயிறு தவறிப்போனது. வயதானால் அந்த முடி வேறு வஞ்சனையில்லாமல் வளரும். அதற்குள் படம்!

இல்லம் என்ற பேச்சு காதில் விழுந்ததும் மாமா சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டார். “எங்கயும் அனுப்பிடாதம்மா,” என்று குழறினார்.

“நான் இருக்கறவரைக்கும் யார் அனுப்பறாங்கன்னு பார்க்கறேன் மாமா,” என்றாள்.

சனிக்கிழமை நாத்தனார் நேரிலேயே வந்து இறங்கினாள். மருமகளுக்கு அன்று கடையில் விடுப்பு கிடைக்கவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தால், மாமாவின் மூக்கு தக்காளியாகச் சிவந்திருந்தது. கண்ணிரண்டும் கலங்கியிருந்தன. நாத்தனார் கையில் புருவம் திருத்துகிற இடுக்கி.

“பாத்தியா, பளிச்சுன்னு இருக்கு. வேரோட எடுத்தாத்தான் சுத்தம். நீ கத்திரிய வெச்சுக்கிட்டு மாசம் பூரா நோண்டிக்கிட்டு இருக்க.”

“அய்யோ அண்ணி, பிடுங்கக் கூடாது! வேர் இருந்த இடம் புண்ணாகும். மாமாவுக்குச் சர்க்கரை வேற இருக்கு.”

“நீ டாக்டருக்குப் படிச்சியா?”

மருமகள் புருஷனைப் பார்த்தாள். அவன் டிவியைப் பார்த்தான். “எனக்கென்ன தெரியும், நான் கடைக்குப் போயிருந்தேன்,” என்றான்.

திங்கட்கிழமை மூக்கு வீங்கியது. உள்ளே பொருக்குக் கட்டியது. தொட்டால் மாமா துடித்தார். மறுநாள் காய்ச்சல் வந்து, சிவப்பு கன்னத்துக்கும் ஏறியது. குழுவில் நாத்தனார் எழுதினாள்: “அழுக்குக் கத்திரிய மூக்குல விட்டா இப்படித்தான் ஆகும். நான் பாவம், முந்தின வேலையச் சரிபண்ண ரெண்டு முடிதான் எடுத்தேன்.” அத்தனை உறவும் ‘ஐயோ பாவம்’ என்று கீழே கையெழுத்துப் போடாத குறை. அழுக்குக் கத்திரியாம்! கழுவிக் கழுவியே கைப்பிடியின் சாயம் போன கத்திரி அது.

“நீங்களாவது ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” என்று புருஷனிடம் கேட்டாள்.

“பாக்காதத நான் எப்படிச் சொல்றது? அக்காகிட்ட அனுசரிச்சுப் போயேன். அப்பாவும் கொஞ்ச நாள் இல்லத்துல இருந்தா உனக்கும் ஓய்வுதானே.”

ஓய்வு! அந்த வார்த்தையைக் கேட்டு அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாமாவுக்குச் சட்டை மாட்டிவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தாள். புருஷனும் நாத்தனாரும் பின்னாலேயே வந்தார்கள்.

காது மூக்கு தொண்டை டாக்டரம்மா விளக்கை நெற்றியில் மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். “யார் இவருக்கு முடி எடுக்கறது?”

“இவதான்,” என்று நாத்தனார் முந்திக்கொண்டாள். “கத்திரி வெச்சு வெட்டுவா.”

“வெட்டறது தப்பில்ல. வெளிய தெரியறத மட்டும் வெட்டலாம், டிரிம்மரும் போடலாம். உள்ள இருக்கற முடி தூசியத் தடுக்கறது, அத விட்டுடணும். ஆனா இது வெட்டினதே இல்ல. ரெண்டு பக்கமும் ஒரு முடி விடாமப் பிடுங்கியிருக்கு. ஒவ்வொரு வேர்க்குழிலயும் சீழ்.” டாக்டரம்மாவின் குரல் ஏறியது. “சர்க்கரைக்காரருக்கு மூக்குல கிருமி புகுந்தா கண்ணு வரைக்கும், அதுக்குப் பின்னாடி மூளை வரைக்கும்கூடப் போகலாம், தெரியுமா? இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு சொல்ல முடியாது. ரெண்டு நாள் இங்க வெச்சு ஊசி போடணும். யார் பிடுங்கினது?”

நாத்தனாரின் முகம் வெளுத்தது. “ரெண்டு மூணுதான் எடுத்தேன் டாக்டர். அப்பாவே எடுக்கச் சொன்னார்.”

கட்டிலில் கிடந்த மாமா இல்லையென்று தலையை ஆட்டினார். காது மெஷின் காதில்தான் இருந்தது, எல்லாம் கேட்டிருக்கிறது. வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. மருமகள் குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “மெதுவாச் சொல்லுங்க மாமா. அவசரமே இல்ல.”

“வேணாம்னேன்,” என்றார். மூச்சு வாங்கினார். “வலிக்குதுன்னு அழுதேன். விடல.”

“அப்பா, மூக்கு முடிய எடுத்தா யாருக்கும் கண்ணுல தண்ணி வரும்,” என்றாள் நாத்தனார்.

மாமா அவளைப் பார்க்கவில்லை. விழாத கையைத் தூக்கி, சுவரோரம் நின்ற மகனை நோக்கி நீட்டினார்.

“தலைய... இவன்தான் பிடிச்சிக்கிட்டான்.”

டாக்டரம்மா ஊசிக்கு எழுதிக்கொடுக்க வெளியே போனார். மருமகள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். நாத்தனார் மேலிருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அந்தம்மாவுக்குத் தெரியாது, முட்டாள்தனமாகச் செய்தாள் என்றாவது மனசைத் தேற்றலாம். இவன்? பக்கத்திலேயே நின்று, பெற்ற தகப்பன் அழ அழத் தலையை அமுக்கிப் பிடித்துவிட்டு, ஊரே தன்னைக் காறித் துப்பும்போது டிவி பார்த்துக்கொண்டிருந்தவன்.

“கடைக்குப் போயிருந்தீங்களே, என்ன வாங்குனீங்க?” என்று கேட்டாள்.

“இல்ல, அக்கா சொன்னாளேன்னு... ஒரு நிமிஷம்தான்...”

“ஃபோன எடுங்க.”

“எதுக்கு?”

“அந்தக் குழுவுல எழுதுங்க. தலையப் பிடிச்சது நான், பிடுங்குனது அக்கா, என் பொண்டாட்டி மேல தப்பில்லன்னு எழுதுங்க. உங்கப்பா முன்னாலயே, இப்பவே.”

“அதெல்லாம் குழுவுல எதுக்குடி? மானம் போயிடும்.”

“என் மானம் போனப்போ அங்கதானே போச்சு?”

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா ஜன்னலைப் பார்த்தாள். கைபேசி அவன் சட்டைப்பையிலேயே கிடந்தது.

“சரி,” என்றாள் மருமகள். “மாமா ஊசி முடிஞ்சு நேரா நம்ம வீட்டுக்குத்தான் வருவார். இல்லம் வேணும்னா உங்களுக்குப் பார்த்துக்கோங்க.”

நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, மாமாவின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். அவர் அவள் கையை விடவில்லை.