கருநீல லைனிங்

எனக்குத் தையல் வேலை. வாயும் கொஞ்சம் நீளம். இரண்டும் சேர்ந்துதான் என் தங்கையின் வேலைக்கு உலை வைத்தன.

குழந்தைகள் காப்பகத்தில் ஒரு மாதம் வேலை பார்த்துக் காட்டினால் நிரந்தரம் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவள் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய வேலை அது. சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தோல் தொல்லை.

"அக்கா, ரெண்டு சுடிதார் தச்சுக் கொடு. வெறும் காட்டன், லூசா. அந்தக் கசங்காத துணி வேண்டாம், அதுல போடுற மருந்து எனக்கு ஆகாது."

நீலக் காட்டன் வாங்கி, இருமுறை அலசிக் காயவைத்துத் தைத்தேன். துணி மெல்லிசு, லைனிங் இல்லாமல் முடியாது. அலமாரியில் கருநீல பாலியஸ்டர் மிச்சமிருந்தது. அதையே வெட்டிப் போட்டேன். தைக்கிறவளுக்கு வெளித்துணிதான் துணி. உள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற மெத்தனம்.

இரண்டாம் வாரம் கழுத்தைச் சொறிந்துகொண்டு வந்தாள்.

"இந்தத் துணிதான்னு தோணுதுக்கா."

"காட்டன் அரிக்குமாடி? வேர்க்குரு. எதுக்கெடுத்தாலும் உனக்கு ஒரு சாக்கு!"

மறுநாளும் அதையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். நான் சொன்னால் தட்டமாட்டாள். நாலாம் நாள் காப்பகத்து மேலாளர் அவள் பிடரியைப் பார்த்துவிட்டார். "குழந்தைங்களுக்கு ஒட்டிக்கிட்டா யாரு பதில் சொல்றது?" என்று அனுப்பிவிட்டார்.

அவளைத் தோல் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். அந்த டாக்டரம்மா அவள் முதுகைத் திருப்பி எனக்குக் காட்டினார். கழுத்து வளைவில் சிவப்பு. அக்குளின் குழியை விட்டு, ஓரத்தில் மட்டும் தடிப்பு. லைனிங் வைக்காத கைகளில் ஒன்றுமே இல்லை. என் கத்தரி போன வழியெல்லாம் அவள் உடம்பில் இருந்தது.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, வெளித்துணியிலும் லைனிங்கிலும் துண்டு வெட்டி, சில சாய மருந்துகளோடு முதுகில் ஒட்டினார்கள். இரண்டு நாள் கழித்துப் பிரித்து, மறுபடி இரண்டு நாள் கழித்தும் பார்த்தார்கள். காட்டன் பட்ட இடம் சும்மா இருந்தது. லைனிங் பட்ட இடமும், நீலச் சாயம் ஒன்று பட்ட இடமும் சிவந்து தடித்திருந்தன.

"பாலியஸ்டருக்குப் போடுற இந்த வகைச் சாயம் சில துணியில நூலோட கெட்டியா ஒட்டாது. வேர்வையும் உரசலும் பட்டா தோலுக்கு இறங்கிடும். அடர் நீலம், கறுப்பு லைனிங் வேண்டவே வேண்டாம். துவைச்சாப் போயிடும்னும் நம்பாதீங்க. வெள்ளை, இல்லேன்னா வெளிர் நிறக் காட்டன், லினன், பட்டு போடலாம். இது யாருக்கும் தொத்தாது, எழுதித் தரேன்," என்றார் டாக்டரம்மா.

அந்தக் கடிதத்தோடு காப்பகத்துக்கு ஓடினோம். முந்தின நாளே வேறொரு பெண்ணைச் சேர்த்திருந்தார்கள். தங்கை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சாயம் போடாத கெட்டிக் காட்டனில் லைனிங் இல்லாமல் புதுசு தைத்துக் கொடுத்தேன். "நல்லாருக்குக்கா," என்றாள். பிறகு ஜன்னலோரம் போய், உள்பக்கத்தை வெளியே திருப்பி, தையல் தையலாக விரலால் தடவிப் பார்த்தாள். நான் தைத்துக் கொடுத்ததை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை.

நான் நிற்பதைக் கவனித்து, "தப்பா நினைக்காதக்கா," என்றாள்.

"நல்லாப் பாருடி," என்றேன்.