நிலாவில் ஒரு தேமாங்காய்

இதை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே வகுப்பில் படித்த இருவர், குட்டை சொன்னதைக் கேட்டேன், நெட்டை சொன்னதையும் கேட்டேன். இருவருடைய கதைகளும் ஒரே மைதானத்தில் தொடங்கி, ஒரே ஒரு கணத்தில் பிரிந்துவிடுகின்றன. அந்தக் கணத்தைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். இன்னும் பிடிபடவில்லை. நடந்ததைக் குட்டையின் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

குட்டைக்கு ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. "இது தெளிவா, அது தெளிவா?" என்று ஒரு நாளைக்கு நானூறு முறை கேட்பாள். டீ நேரத்தில் மட்டும் அவள் வேறு ஆள். 'ஈற்றடி முச்சீர்' என்ற பெயரில் இலக்கண மீம் போடும் பக்கத்தை நடத்திக்கொண்டிருந்தாள். நடத்துவது யாரென்று பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற அண்ணனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

கடையின் பழுதடைந்த மின்விசிறியைப் படம் எடுத்து 'ஓடா மின்விசிறி', ஆறிப்போகாமல் வாயைச் சுட்ட டீயைப் படம் எடுத்து 'ஆறாத் தேநீர்', வரவே வராத லிஃப்ட்டுக்கு 'வாரா லிஃப்ட்' என்று எழுதி, கீழே ஒரே வரி போட்டாள்: ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அவ்வளவுதான். பள்ளிக்கூடம் போன அத்தனை பேரும் வந்து குவிந்தார்கள். "ஐயோ, இந்தப் பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள மூச்சு வாங்கும்!" "ஓடாத-வுல 'த' போச்சு, அதான் ஈறு கெட்டுச்சு. மனப்பாடம் இன்னும் இருக்கு!" அடுத்தது இன்னும் ஓடியது. கைப்பேசியில் போகாமல் நிற்கும் செய்திக்கு ஒற்றை டிக், போய்ச் சேர்ந்தால் இரட்டை டிக். ஒற்றை நேர், இரட்டை நிரை. ஒற்றை, இரட்டை என்று வரிசையாக இருந்தால் 'நேர் நிரை கூவிளம்'. இரண்டும் இரட்டையாகி, பதிலே வராவிட்டால்? 'நிரை நிரை கருவிளம், மனசு காலி'. லென்ஸ் அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்ததில் கையிலிருந்த லென்ஸ் தரையில் விழுந்தது.

"ஏன் தங்கச்சி, இவ்வளவு போடுறியே, வெண்பா ஒண்ணு போட்டா என்ன?"

"அது மட்டும் வேணாம்ணே."

"ஏன், பயமா?"

அவள் அடுத்தவரைக் கூப்பிடப் போய்விட்டாள். பயம்தான். வெண்பா என்றால் அலகிட்டுக் காட்ட வேண்டும், அது அந்தப் பள்ளி மைதானத்துக்கே இழுத்துப் போகும் என்ற பதினான்கு வருடப் பயம்.

குட்டையும் நெட்டையும் படித்த பள்ளியில் தமிழம்மா ஒரு விளையாட்டு வைத்திருந்தார். அலகிடுவதை, அதாவது சீரை அசைகளாகப் பிரிப்பதை, பலகையில் எழுதமாட்டார். மைதானத்தில் பிள்ளைகளை நிற்கவைப்பார். குள்ளமான பெண் குறில், உயரமானவள் நெடில். குறில் ஒன்று தனக்கு அடுத்த எழுத்தோடு கைகோத்தால் இருவரும் சேர்ந்து நிரையசை. நெடில் தனக்குப் பின்னால் வருபவளோடு கைகோக்காது. தனியே நின்றாலே நேரசை. மெய்யெழுத்துக்கு அசைக்கணக்கில் இடமில்லை, ஆகவே ஒற்றாக நிற்பவள் முன்னிருப்பவளோடு ஒட்டிக் குந்திவிட வேண்டும். பள்ளி ஆய்வாளர் வந்த நாளில் வகுப்புக்கு ஒரு சீர் கிடைத்தது: நிலாவில். நி குட்டை, லா நெட்டை. இருவரும் கைகோத்தால் நிரை. வி தனி, ல் குந்தியவள், இரண்டும் சேர்ந்து நேர். நிரை நேர் புளிமா.

ஆய்வாளர் எண்ணத் தொடங்கியபோது கோத்த கை பிரிந்துவிட்டது. நி தனி, லா தனி, வில் தனி. நேர் நேர் நேர். மைதானமே கத்தியது: "தேமாங்காய்!"

"யாரு கையை விட்டது?" என்றார் தமிழம்மா.

குட்டை விரலை நீட்டினாள். "அவதான் டீச்சர்."

 அதனால் பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்குப் போன அணியில் நெட்டையைச் சேர்க்கவில்லை. அடுத்த வருடம் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். குட்டை அவளைத் தேடாத இடமில்லை. கல்யாணமாகிப் பெயரும் மாறியிருக்கும், கிடைக்கவில்லை.

லென்ஸ் அண்ணன் கேட்டது அவளை அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, கடை திறந்ததும், பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் பேனாவால் கிறுக்கினாள். குள்ளமாக ஒருத்தி, உயரமாக ஒருத்தி, கைகோத்தபடி. பக்கத்தில் இன்னொரு குள்ளம். அதற்கருகில் குந்திக்கொண்டிருப்பவள். தலைப்பு: 'அலகிடுக.' அவ்வளவுதான். பதிவிட்டாள்.

முதல் அரைமணி நேரம் ஆளாளுக்கு ஊகம். "குடும்பக் கட்டுப்பாடா?" "நாலாவது ஆளு ஏன் டாய்லெட்ல?" அண்ணன் பின்னறையிலிருந்தே கத்தினார்: "தங்கச்சி, பக்கம் கவுந்துச்சு!"

அப்போது ஒரு பின்னூட்டம் வந்தது. "ஏய்! அந்தக் குந்தி இருக்கறது நான்தான்! ரெண்டு வருஷம் ஒற்றா குந்தியே என் முட்டி போச்சு!" குட்டை கத்திய சத்தத்தில், பரிசோதனை நாற்காலியிலிருந்த பெரியவர் திடுக்கிட்டு எழுத்தை மாற்றிப் படித்தார். அடுத்து இன்னொருத்தி: "அடியே, நான் வி!" அடுத்து, "நம்ம மைதானம்டி இது!" மணிக்கு மணி அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். முப்பத்தெட்டு பேர் வகுப்பில் மதியத்துக்குள் இருபத்தொரு பேர். "அந்தத் தேமாங்காய் அன்னிக்குக் கையை யாரு விட்டது?" என்று ஒருத்தி கேட்டாள். "நெட்டைதான," என்றாள் இன்னொருத்தி.

குட்டை கண் பரிசோதனைச் சட்டத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள். பதினான்கு வருடத்துக்கு முன் அவள் சொன்ன பொய்யைத்தான் இருபத்தொரு பேரும் இன்னும் நம்புகிறார்கள். இப்போது சும்மா இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது.

இரண்டாவது படம் வரைந்தாள். அதே நால்வர், இருவருக்கு நடுவே கை பிரிந்திருந்தது. கீழே எழுதினாள்: "கையை விட்டது குட்டை. நெட்டை இல்லை. பொய் சொன்னதும் குட்டை. இந்தப் பக்கத்தை நடத்துறவளும் அவதான்." பதிவிட்டுவிட்டுக் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

நாற்காலியில் இப்போது இருந்த வேறொரு பெரியவர் கேட்டார்: "அம்மா, முடிஞ்சுதா? இது தெளிவா இருக்கு."

"ரொம்ப சந்தோஷம் ஐயா," என்றாள். அவள் கண்கள்தான் மங்கியிருந்தன.

நான்கு மணிக்கு அண்ணன் ஓடி வந்தார். "நெட்டைன்னு ஒருத்தி எழுதியிருக்கா. படிக்கட்டுமா?"

"நானே படிக்கிறேன்."

அதில் இருந்தது: "மூணு வருஷமா இந்தப் பக்கத்தைப் பார்த்துச் சிரிச்சுட்டு இருக்கேன், நீன்னு தெரியாமலே. நீ விடல குட்டை. எனக்கு உள்ளங்கை வேர்த்துச்சு, நழுவிடுச்சு. ஆனா 'அவதான்'னு சொன்ன பாரு, அதுக்குத்தான் உன்கூடப் பேசல. இன்னிக்கு எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டியே. இப்போ கோபம் இல்ல. போன் நம்பர் அனுப்பு, கழுதை."

குட்டை நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். "அண்ணே, நான்தான் விட்டேன். அவ நழுவிச்சுன்றா!"

"ரெண்டுல எது தெளிவு?" என்றார் அண்ணன். 

குட்டை இன்னும் அதே கடையில் இருக்கிறாள். நெட்டை இன்னொரு ஊரில் பேருந்து ஓட்டுகிறாள். வாரம் ஒருமுறை பேசிக்கொள்கிறார்கள், அந்தக் கையைப் பற்றிச் சண்டையும் போடுகிறார்கள். ஒற்றாகக் குந்தியவள் முட்டியில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு இப்போது நன்றாக நடக்கிறாள். தமிழம்மா அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. அவர் கைப்பேசி வைத்துக்கொள்வதில்லை. லென்ஸ் அண்ணன் வேறு கடைக்குப் போய்விட்டார்.