அஞ்சரைக்கு டாண்ணு

ஹேமந்த் ஆறு மணிக்கு எழுந்தான். பால் காய்ச்சினான். இரண்டு டம்ளர் டீ போட்டான். மனைவி சோபனா பாதியைக் குடித்துவிட்டு வைத்துவிட்டாள். ஏழு வாரக் கர்ப்பம். விடிந்ததிலிருந்து அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி. வேலூரில் ஸ்கேன் சாயங்காலம் ஏழு மணிக்குத்தான்.

"லீவு போடேன்," என்றான்.

"இன்னிக்கு கன்டெய்னர் ஏத்துறாங்க. லீவுன்னா லைன்ல கத்துவாங்க."

எட்டு மணிக்கு அவளை ஷூ கம்பெனி கேட்டில் இறக்கிவிட்டான்.

அவன் வேலை ஆம்பூர் பஜாரில், ஒரு மாடி அறையில். வெளிநாட்டு வேலைக்குப் பரீட்சை எழுதும் பன்னிரண்டு நர்சுகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பான். அன்று மதியம் போர்டில் 'ஆன் டைம்', 'இன் டைம்'.

"ஏழரை ட்ரெயின் ஏழரைக்கே வந்தா, அது ஆன் டைம். சொன்ன நேரம். அது கிளம்புறதுக்குள்ள நீங்க ஸ்டேஷனுக்குப் போய்ட்டா, இன் டைம். கைமீறிப் போறதுக்கு முன்னாடி."

"எங்க மாமு ரெண்டுமே இல்ல சார்," என்றாள் ஆஃப்ரீன். "பிரியாணி முடிஞ்சப்புறம்தான் வருவாரு. பேஜார் டைம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான்.

மூன்றரைக்கு சோபனா கூப்பிட்டாள். வராந்தாவுக்குப் போய் எடுத்தான்.

"வலி ஜாஸ்தியாச்சு ஹேமந்த். இப்போ தோள்பட்டையும் வலிக்குது. தலை சுத்துது."

"பர்மிஷன் கேளு."

"ஷிஃப்ட் முடிஞ்சு போன்னு சொல்றாரு சூப்பர்வைசர். நீ வந்து கேட்டா விடுவாரு."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். வகுப்பு ஐந்து வரை.

"தையல் மெஷின்ல குனிஞ்சே இருந்தா தோள் வலிக்கத்தான் செய்யும். அஞ்சரைக்கு டாண்ணு கேட்ல இருப்பேன்."

உள்ளே வந்தான். "வீட்ல எதாச்சுமா சார்?" என்று கேட்டாள் ஜெனிஃபா.

"ஒண்ணும் இல்லம்மா."

அடுத்த வரிக்குப் போனான். "அட் தி எண்ட்னா, எதோட முடிவுன்னு சேர்த்து சொல்லணும். அட் தி எண்ட் ஆஃப் தி ஷிஃப்ட். இன் தி எண்ட்டுக்கு அது வேணாம். என்னென்னமோ நடந்து, கடைசியில இப்படி ஆச்சுன்னு அர்த்தம்."

"ஒரு வாக்கியம் சொல்லுங்க சார்."

"இன் தி எண்ட், எல்லாம் சரியாய்டுச்சு." எழுதிப் போட்டான். பன்னிரண்டு பேரும் நோட்டில் எடுத்துக்கொண்டார்கள்.

ஐந்து இருபத்தெட்டுக்கு கேட்டில் நின்றான். சங்கு ஊதியது. பெண்கள் பையைத் திறந்து காட்டி வரிசையாக வெளியே வந்தார்கள். கடைசியாக அவளை இரண்டு பேர் தாங்கி வந்தார்கள். உதடு வெளுத்திருந்தது. பைக்கை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தான்.

கரு கர்ப்பப்பைக்குப் போகாமல் கருக்குழாயிலேயே வளர்ந்து, குழாய் வெடித்திருந்தது. வயிறு முழுக்க ரத்தம். ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வந்த டாக்டரம்மா கேட்டார்.

"தோள்பட்டை வலிக்குதுன்னு எப்போ சொன்னாங்க?"

"மூணரைக்கு."

"ஏன் சார் அப்பவே வரல? உள்ள ரத்தம் கசியுற வலி அது, அப்பவே வந்திருந்தா காப்பாத்தியிருப்போம். எந்த நர்சைக் கேட்டிருந்தாலும் ஓடுன்னு சொல்லியிருப்பாங்களே."

ஆட்டோவில் அவள் அவன் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"வண்டிய வெயில்லயே விட்டுட்டியே."